தண்மையா தன்மையா: எதிர்ச்சொல் கேள்வியில் தவறான விடைகளைக் கழிப்பது எப்படி?

கரிசல்_பெண்:

குரூப் 4க்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாதிரித் தேர்வில் பொதுத்தமிழில் போன மதிப்பெண்களை உட்கார்ந்து பார்த்தால், இலக்கணத்தில் போனதைவிட எதிர்ச்சொல்லிலும் பொருள் கூறுவதிலும் போனதுதான் அதிகம். பாடத்தில் படித்த சொல்லாக இருந்தால் பிரச்சினை இல்லை. படிக்காத சொல் வந்தால் நான்கு விடையும் சரி மாதிரியே தெரிகிறது. கடைசியில் இரண்டுக்கு வந்து நின்று, தவறானதைத்தான் கை தேடிப் பிடிக்கிறது.

நான் கோட்டைவிட்ட ஒரு கேள்வி இது.

வெம்மை என்பதன் எதிர்ச்சொல்: (அ) வெண்மை (ஆ) தன்மை (இ) தண்மை (ஈ) வெப்பம்

நான் நிரப்பியது தன்மை. வெளியே வந்து தோழியிடம் சொன்னபோதுதான் உறைத்தது. வெப்பம் இல்லை என்று தெரிந்தது, வெண்மை இல்லை என்றும் தோன்றியது, ஆனால் கடைசி இரண்டில் அந்த ண, ன என்னை ஏமாற்றிவிட்டது.

அகராதியை மனப்பாடம் செய் என்று யாரும் சொல்லாதீர்கள். தெரியாத சொல் வந்தால் விடைகளை எப்படிக் கழிப்பது, அதற்கு ஏதாவது முறை உண்டா என்பதுதான் என் கேள்வி.

ஷார்ட்கட்_செல்வன்:

இருக்கிறது சகோதரி, ரொம்ப எளிது. நான்கு விடைகளில் எந்த இரண்டுக்கு ஒரே பொருள் என்று பாருங்கள். ஒரே பொருள் என்றால் இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாது, ஒரு கேள்விக்கு ஒரு விடைதானே. அதனால் இரண்டையும் அடித்துவிடலாம். பாதி வேலை முடிந்தது. மீதி இரண்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று.

இன்னொன்று, எழுத்தில் ஒரே மாதிரி இரண்டு விடை இருந்தால் விடை அந்த இரண்டில் ஒன்றுதான். உங்கள் கேள்வியிலேயே தண்மையும் தன்மையும் இருக்கிறது பாருங்கள். இந்த இரண்டு விதியை வைத்தே பல கேள்விகளை முடித்திருக்கிறேன்.

ஞாயிறு_டீக்கடை:

எனக்கு ஒரு சந்தேகம். வெம்மையின் எதிர்ச்சொல் வெம்மையின்மை என்றுதானே வரவேண்டும்? உடன்பாட்டுக்கு எதிர்மறை என்று இலக்கணத்தில் படித்தோமே. செய்தான் என்றால் செய்திலன், வருவான் என்றால் வாரான். அதன்படி பார்த்தால் கொடுத்திருக்கும் நான்குமே தவறாக அல்லவா இருக்கிறது?

பழைய_வாத்தியார்:

டீக்கடைத் தம்பி, நீங்கள் வேறு கேள்விக்குப் பதில் எழுதுகிறீர்கள். எதிர்மறை என்பது அதே சொல்லை இல்லை என்று திருப்புவது. எதிர்ச்சொல் என்பது மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் வேறொரு சொல். சுடாத தண்ணீர் எல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஆகிவிடாது அல்லவா, நடுவில் வெதுவெதுப்பும் இருக்கிறது. தேர்வில் இரண்டு வகையும் வரும், அதனால் கேள்வி வாக்கியத்தில் எதிர்மறை என்று இருக்கிறதா எதிர்ச்சொல் என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல் மாற்றிப் படித்து மதிப்பெண் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கரிசல் அம்மா, நான் முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவன், அரையாண்டுக்கும் முழுஆண்டுக்கும் வினாத்தாள் எடுத்தவன். டிஎன்பிஎஸ்சிக்கு எடுத்ததில்லை. ஆனால் நான்கு விடை எழுதும் வேலை எங்கே செய்தாலும் ஒரே வேலைதான். அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் கழிப்பது தானாக வரும்.

எடுக்கிறவர் முதலில் சொல்லையும் சரியான விடையையும் எழுதிவிடுவார். வெம்மை, தண்மை. அடுத்து மூன்று தவறான விடை வேண்டும். முதல் தவறு எப்போதும் சுலபமாகக் கிடைக்கும்: கேட்ட சொல்லின் ஒத்த பொருளையே போட்டுவிடலாம். இங்கே வெப்பம். படித்துக்கொண்டு போகும்போதே 'எதிர்' என்பதை மறந்துவிடுகிற பிள்ளைக்கு அது வலை. இரண்டாவது தவறுக்குக் கேட்ட சொல்லைப் போலவே ஒலிக்கும் ஒரு சொல்லைப் பிடிப்போம். வெம்மைக்கு வெண்மை. மூன்றாவதுக்கு வரும்போது சரக்கு தீர்ந்துவிடும். காபி ஆறிக்கொண்டிருக்கும், இன்னும் நாற்பது கேள்வி பாக்கி இருக்கும். அப்போது சரியான விடையிலேயே ஓர் எழுத்தை மாற்றி வைத்துவிடுவோம். தண்மைக்குத் தன்மை.

இப்போது உங்கள் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். நான்கு விடையும் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? தன்மை என்ற சொல்லுக்கு அந்தக் கேள்வியில் வேறு எந்த வேலையும் இல்லை. வெம்மைக்கும் தன்மைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அங்கே வந்து உட்கார்ந்ததே தண்மை பக்கத்தில் இருப்பதால்தான். அதனால் செல்வன் சொன்ன இரண்டாவது விதியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பாதிதான்.

ஷார்ட்கட்_செல்வன்:

பாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள் ஐயா? எனக்கு இதுவரை தவறியதே இல்லை.

பழைய_வாத்தியார்:

சரி, இதைப் போட்டுப் பாருங்கள். நானே இப்போது எழுதிய கேள்வி.

அலர்தல் என்பதன் எதிர்ச்சொல்: (அ) மலர்தல் (ஆ) கூம்புதல் (இ) விரிதல் (ஈ) உலர்தல்

ஷார்ட்கட்_செல்வன்:

மலர்தல், உலர்தல் இரண்டும் ஒரே எழுத்து வித்தியாசம். விடை அதில் ஒன்று. அலர்தல் என்றால் பூப்பது என்று தெரியும், அதற்கு எதிர் என்றால் காய்ந்துபோவது. உலர்தல்.

கரிசல்_பெண்:

எனக்குக் கூம்புதல் என்று தோன்றுகிறது. ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. கைகூப்புவது போல ஏதோ.

பழைய_வாத்தியார்:

அம்மா சொன்னதே சரி. கூம்புதல் என்றால் இதழ் குவிந்து மூடிக்கொள்வது. தாமரை பகலில் அலரும், மாலையில் கூம்பும்.

செல்வன், உங்கள் இரண்டு விதியும் இங்கே ஒன்றோடொன்று மோதுகிறது, கவனித்தீர்களா? மலர்தலும் விரிதலும் ஏறத்தாழ ஒரே பொருள். முதல் விதிப்படி இரண்டும் வெளியே போகவேண்டும். இரண்டாவது விதிப்படி மலர்தலும் உலர்தலும் உருவில் இரட்டை, ஒன்று உள்ளே இருக்கவேண்டும். நீங்கள் இரண்டாவதை முதலில் எடுத்தீர்கள், அதனால் வழுக்கியது.

வரிசைதான் முக்கியம். முதலில், கேட்ட சொல்லின் ஒத்த பொருளாக வருவதையெல்லாம் அடியுங்கள். மலர்தல், விரிதல் போய்விட்டன. அடுத்து, கேட்ட சொல்லைப் போலவே ஒலிப்பதை அடியுங்கள். அலர்தலுக்கு உலர்தல், ஒரே எழுத்து வித்தியாசம். அதுவும் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான். இந்த இரண்டு கழிப்பும் முடிந்த பிறகும் ஒன்றுக்கு மேல் மிஞ்சினால்தான், மிஞ்சியவற்றில் உருவில் இரட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெம்மையில் அப்படி மிஞ்சியதுதான் தண்மையும் தன்மையும்.

இரட்டையைப் பார்த்ததும் அது எதற்கு இரட்டை என்று கேளுங்கள். கேள்விச் சொல்லுக்கு இரட்டை என்றால் வலை. விடைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று இரட்டை என்றால், அநேகமாக ஒன்று நிஜம், இன்னொன்று அதன் நிழல்.

ஷார்ட்கட்_செல்வன்:

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் விதியை விடமாட்டேன். ஒரே பொருள் இரண்டு இருந்தால் இரண்டும் தவறு. அதில் ஓட்டை இல்லை.

நூலகம்_மூலை:

ஓட்டை இருக்கிறது. 'பொருந்தாததைக் கண்டறி' வகைக் கேள்வியில் மூன்று சொல் ஒரே பொருளாக இருக்கும், நான்காவதுதான் விடை. முந்நீர், பௌவம், புணரி, அடவி என்று கொடுத்தால் முதல் மூன்றும் கடல், அடவி காடு. அதில் உங்கள் விதிப்படி மூன்றை அடித்தால் நல்லவேளையாகச் சரியான விடை மிஞ்சும். ஆனால் 'அனைத்தும் சரி' என்று ஒரு விடை சேர்ந்தால் கதை மாறிவிடும்.

ஆழி என்பதன் பொருள்: (அ) கடல் (ஆ) சக்கரம் (இ) மோதிரம் (ஈ) இவை அனைத்தும்

இங்கே ஆழிக்கு மூன்று பொருளும் உண்டு. கடல் தெரிந்தவர் முதல் வரியிலேயே நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நான்காவது விடையைப் பார்க்கவே மாட்டார். 'அனைத்தும்' என்று இருந்தால் ஒன்று தெரிந்தது போதாது, இரண்டாவது ஒன்று சரியா என்று பார்க்கவேண்டும். இரண்டு உறுதி என்றால் மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படாமல் 'அனைத்தும்' போடலாம்.

கரிசல்_பெண்:

வரிசை புரிந்தது ஐயா. ஆனால் என் சிக்கல் அதற்கும் அடுத்த படி. இரண்டுக்கு வந்துவிட்டேன், தண்மை, தன்மை. இப்போது எதை எடுப்பது? அங்கேதானே நான் விழுந்தேன்.

பழைய_வாத்தியார்:

அங்கே 'மை'யைக் கழற்றுங்கள். பண்பைச் சொல்லும் இந்த மாதிரிச் சொற்களில் கடைசியில் இருக்கும் மையை எடுத்துவிட்டு, வீட்டில் புழங்குகிற ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லை ஒட்டவேண்டும். வெம்மையோடு நீரைச் சேருங்கள். என்ன வருகிறது?

கரிசல்_பெண்:

வெந்நீர்!

பழைய_வாத்தியார்:

தண்மையோடு நீரைச் சேருங்கள்.

கரிசல்_பெண்:

தண்ணீர். அடடா. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர் என்றுதான் அர்த்தமா? இத்தனை நாள் வெறும் நீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் என்றுதான் சொல்வோம், சூடான குளிர்ந்த நீர்!

பழைய_வாத்தியார்:

அப்படியேதான். எல்லா வீட்டிலும் அது கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தன்மையில் இருக்கும் தன், தன் வீடு, தன் பெயர் என்பதில் வரும் தன். ஒரு பொருளின் சொந்த இயல்பு. அதற்கும் சூட்டுக்கும் பேச்சே இல்லை. வெண்மைக்கு வெண்பொங்கல் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றையும் ஒரு வீட்டுச் சொல்லில் மாட்டிப் பார்த்தால் ண, ன, ந மூன்றும் தானாகப் பிரிந்துவிடும். வன்மையும் மென்மையும் வந்தால் வல்லினம், மெல்லினம் என்று சொல்லிப் பார்க்கலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஜோடி.

நூலகம்_மூலை:

ஐயா, மை கழற்றும் வழி நன்றாக இருக்கிறது, ஆனால் செம்மையில் அது இரண்டு பக்கம் இழுக்குமே? செந்தாமரை என்றால் சிவப்பு. செந்தமிழ் என்றால் சிவப்பா?

பழைய_வாத்தியார்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். செம்மைக்கு நிறமும் உண்டு, நேர்மையும் உண்டு. செங்கோல் என்றால் சிவந்த கோல் இல்லை, வளையாத கோல். அதற்கு எதிர் கொடுங்கோல். கொடுமை என்றால் இன்று நாம் துன்பம் என்று மட்டும் நினைக்கிறோம், ஆனால் வளைவு என்பதும் அதன் பழைய பொருள். அதனால் செம்மைக்கு எதிர்ச்சொல் கேட்டால் கருமையா, வெண்மையா, கொடுமையா, கோணலா என்று தனியாகச் சொல்ல முடியாது. விடைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செம்மை: (அ) செழுமை (ஆ) கொடுமை (இ) நேர்மை (ஈ) சேய்மை

இதில் நிறமே இல்லை. ஆகவே எடுத்தவர் நிறத்தை நினைக்கவில்லை என்பது விடைகளிலேயே எழுதியிருக்கிறது. நேர்மை ஒத்த பொருள், அடி. செழுமையும் சேய்மையும் ஒலி வலை, அடி. கொடுமை நிற்கிறது. கொடுமைக்கு வளைவு என்ற பொருள் தெரியாத பிள்ளைகூட இந்த வழியாக வந்து நிற்கலாம்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்பதை நான்கு விடைகளும் சேர்ந்துதான் காட்டும். தனியாகச் சொல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

எஸ்எஸ்சி_பயணி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதுகிறேன், எனக்கு இதே தலைவலி ஆங்கிலத்தில். அங்கே தவறாகப் போட்டால் அரை மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். அதனால் தெரியாததை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் கழிக்கும் வேலையைச் செய்துவிட்டு ஊகித்துப் போடலாமா, விட்டுவிடுவதே நல்லதா?

சமீபத்தில் விட்டது: ஃப்ரூகல் என்பதன் எதிர்ச்சொல். விடைகள் எகனாமிகல், எக்ஸ்ட்ராவகன்ட், ஃப்ரூட்ஃபுல், ஃப்ராஜைல்.

நூலகம்_மூலை:

வாத்தியார் சொன்ன அதே எலும்புக்கூடு! எகனாமிகல் ஒத்த பொருள். ஃப்ரூட்ஃபுல்லும் ஃப்ராஜைலும் ஃப்ரூகலைப் போல ஒலிப்பதால் வந்தவை. சம்பந்தமே இல்லாத முகத்தோடு நிற்கும் எக்ஸ்ட்ராவகன்ட்தான் விடை. சிக்கனத்துக்கு ஊதாரித்தனம்.

கணக்கு இப்படி. சிஜிஎல் முதல் கட்டத்தில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழிவு. நான்கில் கண்ணை மூடிப் போட்டால் சராசரியாகக் கேள்விக்கு 0.125 கிடைக்கும், அதாவது ஒன்றும் இல்லாத மாதிரி. ஒன்றை உறுதியாக அடித்துவிட்டு மூன்றில் போட்டால் 0.33. இரண்டை அடித்துவிட்டுப் போட்டால் 0.75. அதனால் ஒன்றையாவது நிஜமாக அடிக்க முடிந்தால் போடலாம், இரண்டை அடித்தால் விடவே கூடாது. 'நிஜமாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியான விடையையே அடித்துவிட்டு மீதி மூன்றில் யோசிப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

எஸ்எஸ்சி_பயணி:

ஆங்கிலத்தில் முன்னொட்டை வைத்து எதிர்ச்சொல்லைப் பிடிக்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இன் என்று ஆரம்பித்தால் 'இல்லை' என்று அர்த்தம். அதை நம்பி ஃப்ளேமபிளுக்கு இன்ஃப்ளேமபிள் என்று போட்டுத் தவறிவிட்டது.

நூலகம்_மூலை:

இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பிடிப்பது. இன்வேல்யுவபிள் என்பதும் அப்படித்தான், மதிப்பில்லாதது அல்ல, மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. முன்னொட்டு என்பது சந்தேகத்துக்கான காரணம் மட்டும், தீர்ப்பு இல்லை.

பழைய_வாத்தியார்:

தமிழிலும் இதே கூத்து உண்டு. இன்மையில் வரும் இன் என்பது இல்லை. இன்சொல்லில் வரும் இன் என்பது இனிமை. இன்சொல்லுக்கு எதிர் வன்சொல். இதுவும் போதாதென்று இன்னா என்று ஒரு சொல், அது இனிமைக்கு நேர் எதிர். இன் என்று ஆரம்பிப்பதைப் பார்த்ததும் பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள்.

கரிசல்_பெண்:

கழிவு மதிப்பெண் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் தெரியாத கேள்விக்கெல்லாம் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிடுவேன். போன முறை அப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு நிரப்பினேன். அது சரிதானே?

நூலகம்_மூலை:

ஏன் அக்கா! குரூப் 4இல் தவறான விடைக்குக் கழிவே கிடையாது. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் வெறுமையாக விட்டால்தான் பிடிப்பார்கள், அதற்காகத்தான் ஐந்தாவது வட்டமே. பொதுத்தமிழில் 100 கேள்விக்கு 150, ஆக ஒரு கேள்வி ஒன்றரை மதிப்பெண். ஐந்தாவது வட்டத்துக்கு நிச்சயமாகப் பூஜ்யம். இரண்டு விடையை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் சராசரியாக 0.75. கண்ணை மூடிப் போட்டாலே 0.375. பன்னிரண்டு கேள்வியில் இரண்டிரண்டை அடித்திருந்தால் ஒன்பது மதிப்பெண் அளவுக்கு வந்திருக்கும்.

கரிசல்_பெண்:

ஒன்பதா! எனக்கு அழுகை வருகிறது. நேர்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்து நிரப்பினேன்.

ஞாயிறு_டீக்கடை:

நானும் அப்படித்தான் நிரப்பினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன தவறு என்று.

ஷார்ட்கட்_செல்வன்:

கேட்பது ஆணையம், உங்கள் மனசாட்சி இல்லை!

எனக்கு ஒரு கேள்வி. எதிர்ச்சொல்லில் இந்த வரிசை வேலை செய்கிறது, சரி. பொருள் கேட்கும் கேள்வியில்? அங்கே ஒத்த பொருளை அடிக்க முடியாதே, அதுதானே விடை.

பழைய_வாத்தியார்:

அங்கே வலை திரும்பிக்கொள்ளும். சில சமயம் எதிர்ச்சொல் உட்கார்ந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒலிதான் வலை. ஒன்று பார்ப்போம்.

பரவை என்பதன் பொருள்: (அ) பறவை (ஆ) கடல் (இ) காற்று (ஈ) சிறகு

பறவை வலை என்று எல்லாருக்கும் தெரியும், ர, ற. ஆனால் சிறகைப் பாருங்கள். அது தனியாக வரவில்லை, பறவையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. பரவையைப் பறவை என்று தவறாகப் படித்தவருக்கு மட்டும்தான் சிறகு ஞாபகம் வரும். ஒரே தவறில் பிறந்த இரண்டு விடை, இரண்டையும் சேர்த்து அடிக்கலாம். செல்வனின் முதல் விதியைக் கொஞ்சம் அகலமாக்கினால் இது: இரண்டுக்கும் ஒரே பொருளாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஒரே குழப்பத்தில் பிறந்திருந்தாலும் போதும்.

மிஞ்சியது கடலும் காற்றும். பரவு என்பதிலிருந்து வந்த சொல் என்று வேரைப் பிடித்தால்கூட இரண்டுமே பரவுவதுதான். இங்கே என் வித்தை தீர்ந்துவிட்டது. பரவை என்றால் கடல் என்று தெரிந்தவர் போடுவார், தெரியாதவருக்குப் பாதி வாய்ப்பு. கழிப்பது உங்களை இரண்டு வரைக்கும் கொண்டுவந்து விடும். எல்லாக் கேள்வியிலும் அதற்கு அப்பால் கொண்டுபோகாது.

கரிசல்_பெண்:

சொல்லின் வடிவத்தைப் பார்க்கச் சொல்வார்களே, அது உதவாதா? எங்கள் பயிற்சி ஆசிரியர் சொன்னது: உவந்து என்று கேட்டால் மகிழ்ச்சி வராது, மகிழ்ந்துதான் வரும்.

பழைய_வாத்தியார்:

உதவும், வாய்ப்புக் கிடைத்தால். உவந்து: (அ) மகிழ்ச்சி (ஆ) மகிழ்ந்து (இ) உயர்ந்து (ஈ) வெறுத்து என்று வந்தால் மகிழ்ச்சி வடிவத்தில் பொருந்தாது, அடித்துவிடலாம். 'மன்னன் உவந்து பரிசளித்தான்' என்பதில் மாட்டிப் பார்த்தால் 'மன்னன் மகிழ்ச்சி பரிசளித்தான்' என்று நொண்டும். ஆனால் கவனமாக எடுக்கிறவர் நான்கையும் ஒரே வடிவத்தில்தான் கொடுப்பார். அப்போது அந்தக் கருவி மழுங்கிவிடும். நான் அதை நம்பி உட்காரச் சொல்லமாட்டேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது, விடைகளைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு முதலில் உங்கள் விடையை மனதில் சொல்லிக்கொள்வது. வெம்மைக்கு எதிர்? குளிர்ச்சி. இப்போது விரலை எடுத்தால் குளிர்ச்சிக்குப் பக்கத்தில் எது என்று மட்டும் தேடுவீர்கள். முதலிலேயே நான்கையும் பார்த்துவிட்டால் வலைக்குள் காலை வைத்துக்கொண்டு யோசிக்கிற மாதிரி.

ஷார்ட்கட்_செல்வன்:

அதற்கெல்லாம் நேரம் எங்கே ஐயா? 200 கேள்வி, மூன்று மணி நேரம்.

பழைய_வாத்தியார்:

ஒரு கேள்விக்கு ஐம்பத்துநான்கு விநாடி வருகிறது. எதிர்ச்சொல் கேள்வி வாசித்து முடிக்கப் பத்து விநாடி போதும். விரல் வைக்க நேரம் இல்லையா என்ன?

நூலகம்_மூலை:

ஐயா, எனக்கு நெடுநாளாக ஒரு நெருடல். இன்மை. இதன் எதிர்ச்சொல் என்ன?

(அ) வறுமை (ஆ) உடைமை (இ) இனிமை (ஈ) உண்மை

வறுமை ஒத்த பொருள், இனிமை ஒலி வலை. இரண்டையும் அடித்தாயிற்று. உடைமையும் உண்மையும் மிஞ்சுகின்றன. ஒரு மாதிரித் தேர்வில் உடைமை என்று விடைக்குறிப்பு தந்தார்கள். நான் உண்மை என்று போட்டிருந்தேன்.

ஞாயிறு_டீக்கடை:

உண்மைக்கு எதிர் பொய்தானே? இதில் என்ன சந்தேகம்?

நூலகம்_மூலை:

இன்றைய வழக்கில் பொய். ஆனால் உண்மை என்பது உள் என்ற வேரில் வந்த சொல், இருப்பது என்பதுதான் அதன் முதல் பொருள். இல் என்பதிலிருந்து இன்மை, உள் என்பதிலிருந்து உண்மை. இரண்டும் அப்படியே நேருக்கு நேர் நிற்கின்றன. இலக்கண உரைகளில் உண்மை, இன்மை என்று ஜோடியாகவே வரும்.

பழைய_வாத்தியார்:

நீங்கள் சொல்வது தவறில்லை. ஆனால் குறளில் நல்குரவு அதிகாரத்தில் இன்மையின் இன்னாதது என்று வருகிறதே, அங்கே இன்மை வறுமைதான். அந்தப் பொருளில் எடுத்தால் எதிர் உடைமை. செம்மைக்குச் சொன்ன அதே வழி இங்கேயும்: விடைகளைப் பாருங்கள். வறுமை என்று ஒரு விடை உட்கார்ந்திருக்கிறது. எடுத்தவர் மனதில் இன்மை என்றால் வறுமை என்று இருந்தால்தான் அதை ஒத்த பொருள் வலையாக வைத்திருப்பார். ஆகவே நான் உடைமை போடுவேன்.

நூலகம்_மூலை:

அது எடுத்தவரின் மனதைப் படிப்பது ஐயா, சொல்லின் பொருளைப் படிப்பது இல்லை. இன்மை, உண்மை என்ற ஜோடிக்கு நூல் ஆதாரம் காட்ட முடியும். ஆணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டதும் ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாள் தருகிறார்கள். இப்படி ஒரு கேள்வி நிஜத் தேர்வில் வந்தால் நான் உண்மை என்று போட்டுவிட்டு ஆதாரத்தோடு ஆட்சேபணை எழுதுவேன்.

பழைய_வாத்தியார்:

எழுதுங்கள். தோற்றால் ஒன்றரை மதிப்பெண் உங்கள் கணக்கில். நான் எடுத்தவரின் பேனாவைப் பின்தொடர்கிறவன், நீங்கள் சொல்லின் வேரைப் பின்தொடர்கிறவர். பெரும்பாலான கேள்விகளில் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். இதில் மட்டும் இல்லை.

எஸ்எஸ்சி_பயணி:

எங்களுக்கும் ஆட்சேபணை உண்டு, ஆனால் கேள்விக்குக் கேள்வி காசு கட்டவேண்டும். வேரைப் பிடித்துக்கொண்டு போனால் பை காலியாகிவிடும்.

கரிசல்_பெண்:

நேற்று இரவு பழைய மாதிரித் தேர்வு ஒன்றை எடுத்து, நான் தவறிய எதிர்ச்சொல் கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பார்த்தேன். ஒத்த பொருள் என்றால் 'ஒ', கேள்விச் சொல்லின் ஒலி என்றால் 'கே', விடையின் நிழல் என்றால் 'நி'. நான் விழுந்ததில் முக்கால்வாசி 'நி'. 'ஒ'வில் ஒரே ஒரு முறைதான் விழுந்திருக்கிறேன், அதுவும் கடைசிப் பக்கத்தில், அவசரத்தில்.

ஒரு கேள்வியில் மட்டும் எதுவும் பொருந்தவில்லை. நொய்மை: (அ) திண்மை (ஆ) நேர்மை (இ) எளிமை (ஈ) பொய்மை. பொய்மை ஒலி வலை என்று அடித்தேன். எளிமை ஒத்த பொருளா இல்லையா என்று தெரியவில்லை. நேர்மை எதற்காக வந்தது?

பழைய_வாத்தியார்:

நொய் என்றால் உடைந்த அரிசி, வீட்டில் நொய்க்கஞ்சி வைப்பார்கள். நொறுங்கக்கூடியது, கனமில்லாதது. அதற்கு எதிர் திண்மை, திண்ணையில் இருக்கும் திண். எளிமை அரைகுறை ஒத்த பொருள், வலுவில்லாதது என்ற கணக்கில் வைத்திருப்பார்.

நேர்மை எதற்காக வந்தது என்று எனக்கும் தெரியவில்லை அம்மா. காபி ஆறியிருக்கும்.

ஞாயிறு_டீக்கடை:

பொய்மைக்கு எதிர் நேர்மை என்று யாராவது நினைப்பார்கள் என்று வைத்திருப்பாரோ? நான் அப்படித்தான் நினைத்து நேர்மை போட்டேன்.

நூலகம்_மூலை:

டீக்கடை அண்ணே, நொய்மையைப் பொய்மை என்று படித்துவிட்டு அதற்கு எதிர்ச்சொல் தேடினீர்களா? அப்படியென்றால் நேர்மை வந்த வழி அதுதான்.